வேறு சார்ஜரில் போட்டால் போனின் வேகம் ஏன் இறங்கிவிடுகிறது?

ஒரு போனை எடுத்துக்கொள்வோம். அதனுடன் பெட்டியில் வந்த சார்ஜரின் மேல் 80 வாட் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அதில் இணைத்தால் முக்கால் மணி நேரத்துக்குள் பேட்டரி நிறைந்துவிடுகிறது. ஒருநாள் அந்தச் சார்ஜர் கைவசம் இல்லாததால், மடிக்கணினிக்காக வாங்கிய வேறொரு நிறுவனத்தின் 65 வாட் சார்ஜரில் அதே போனைச் செருகுகிறோம். 80 வாட்டுக்குப் பதில் 65 வாட் கிடைக்கும், ஆகையால் சற்றுத் தாமதமாக நிறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் போனுக்குள் போவது 18 வாட் மட்டுமே. சில போன்களில் அது 10 வாட்டாகவும் இருக்கும். சார்ஜரிலும் கோளாறு இல்லை, போனிலும் கோளாறு இல்லை. அப்படியானால் மீதி 47 வாட் எங்கே போயிற்று?

அது எங்கும் போகவில்லை. போன் அதைக் கேட்கவே இல்லை என்பதுதான் விடை. ஏன் கேட்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, வாட் என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதையும், போனும் சார்ஜரும் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

வாட் என்பது இரண்டு எண்களின் பெருக்கல்

மின்னழுத்தத்தை வோல்ட்டிலும் மின்னோட்டத்தை ஆம்பியரிலும் அளக்கிறோம். இரண்டையும் பெருக்கினால் வாட் வரும். ஆகவே ஒரே வாட் எண்ணைப் பல வழிகளில் எட்டலாம். நமது 65 வாட் சார்ஜர் அந்த எண்ணை 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்ற சேர்க்கையில் எட்டுகிறது. போனுடன் வந்த 80 வாட் சார்ஜரோ 11 வோல்ட், 7.3 ஆம்பியர் என்ற சேர்க்கையில் எட்டுகிறது. முதலாவதில் அழுத்தம் அதிகம், ஓட்டம் குறைவு. இரண்டாவதில் அழுத்தம் குறைவு, ஓட்டம் மிக அதிகம். இந்த வேறுபாடு வெறும் கணக்கு வேறுபாடு அன்று. போனுக்குள் இருக்கும் மின்சுற்று இவற்றில் எதை ஏற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கிறது.

65 வாட் என்று சார்ஜரின் மேல் பெரிதாக எழுதியிருப்பது, அது தரக்கூடிய சேர்க்கைகளிலேயே மிகப் பெரிய ஒன்றின் அளவு. எந்தக் கருவியைச் செருகினாலும் 65 வாட் பாயும் என்று அதற்குப் பொருள் இல்லை. அதே சார்ஜரின் அடியில் சிறிய எழுத்தில் முழுப் பட்டியலும் அச்சிடப்பட்டிருக்கும்:

```
5V⎓3A  9V⎓3A  15V⎓3A  20V⎓3.25A
```

9 வோல்ட்டில் இந்தச் சார்ஜர் அதிகபட்சமாக 27 வாட்தான் தரும். முழு 65 வாட்டை வாங்க வேண்டுமானால் 20 வோல்ட்டை ஏற்கும் கருவியாக இருக்க வேண்டும். மடிக்கணினி ஏற்கும், பெரும்பாலான போன்கள் ஏற்பதில்லை.

முதலில் 5 வோல்ட், பிறகுதான் பேச்சு

யூஎஸ்பி துளையில் எதை வேண்டுமானாலும் செருகலாம். காதொலிக் கருவி, பழைய போன், சிறு விளக்கு என எது வந்தாலும் அது கருகிவிடக் கூடாது. எனவே எந்தச் சார்ஜரும் தொடக்கத்தில் 5 வோல்ட்டுக்கு மேல் தருவதில்லை. எதிர்முனையில் இருப்பது யார், அதற்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்த பிறகுதான் அது அழுத்தத்தை உயர்த்தும். எதிர்முனையிலிருந்து புரியும்படியான கோரிக்கை எதுவும் வரவில்லை என்றால், 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். ஆகவே வேகம் இறங்குவது யாரோ வைத்த தண்டனை அல்ல. பேச்சு நடக்காதபோது இரு தரப்பும் ஒதுங்கி நிற்கும் பாதுகாப்பான இடம் அது.

இந்தப் பேச்சுக்குப் பல மொழிகள் உண்டு. அவற்றில் மிக எளியது பேச்சே அல்ல, வெறும் அடையாளம். யூஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரம் செல்லும் கம்பிகளோடு, தகவல் செல்வதற்கென D+, D- என்று இரண்டு மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. சார்ஜர் தனக்குள் இந்த இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தால், போன் அதைக் கண்டு, எதிரே இருப்பது கணினி அல்ல, சார்ஜர் என்று முடிவு செய்து 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் வரை இழுத்துக்கொள்ளும். அந்த அடையாளமும் இல்லையென்றால், பழைய யூஎஸ்பி விதிப்படி 0.5 ஆம்பியரோடு நின்றுவிடும். அது வெறும் 2.5 வாட்.

அதே D+, D- கம்பிகளில் குறிப்பிட்ட அழுத்தங்களை வைத்துக் கோரிக்கை விடுப்பது அடுத்த மொழி. குவால்காம் நிறுவனத்தின் குயிக் சார்ஜ் 2.0 இந்த வழியைப் பின்பற்றுகிறது. போன் D+ கம்பியில் 3.3 வோல்ட்டும் D- கம்பியில் 0.6 வோல்ட்டும் வைத்தால், 9 வோல்ட் வேண்டும் என்று சார்ஜர் புரிந்துகொள்ளும். ஊமைச் சைகை போன்ற மொழிதான் என்றாலும் பல ஆண்டுகளாக நன்றாகவே வேலை செய்தது.

இன்றைய பொது மொழி யூஎஸ்பி பவர் டெலிவரி. டைப்-சி துளையில் CC என்ற தனி முனை இருக்கிறது. அதன் வழியாகச் சார்ஜரும் போனும் எண்வடிவச் செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. சார்ஜர் முதலில் தன்னிடமுள்ள பட்டியலை அனுப்பும். மேலே நாம் பார்த்த அந்த நான்கு சேர்க்கைகளும் அப்படியே செய்தியாகப் போகும். போன் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தனக்கு வேண்டிய ஆம்பியரையும் சொல்லும். சார்ஜர் சம்மதம் தெரிவித்து, அழுத்தத்தை மாற்றி, தயார் என்று அறிவித்த பிறகே போன் அதிக மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கும். இவை அனைத்தும் செருகிய ஓரிரு வினாடிக்குள் முடிந்துவிடுகின்றன. இதில் கவனிக்க வேண்டியது, தேர்ந்தெடுப்பது போன்தான் என்பது. பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், சார்ஜர் தானாக எதையும் திணிப்பதில்லை.

நிறுவனத்தின் சொந்த மொழி

இனி நமது 80 வாட் போனுக்கு வருவோம். ஓப்போ நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வூக் என்ற பெயரில் தன் வேகச் சார்ஜிங்கை அறிமுகப்படுத்தியபோது, அழுத்தத்தை உயர்த்துவதற்குப் பதிலாக மின்னோட்டத்தை உயர்த்தும் வழியைத் தேர்ந்தெடுத்தது. ஏறத்தாழ 5 வோல்ட் அளவிலேயே 4 ஆம்பியருக்கு மேல் அனுப்புவது அதன் அடிப்படை. அன்று போன்களில் வழக்கத்தில் இருந்த யூஎஸ்பி முறைகளில் இவ்வளவு மின்னோட்டத்துக்கு இடமில்லை. சாதாரண கேபிளும் அதைத் தாங்காது. எனவே அந்நிறுவனம் தனக்கென ஒரு சார்ஜர், தனக்கென ஒரு கேபிள், அவை பேசிக்கொள்ளத் தனக்கென ஒரு மொழி என மூன்றையும் உருவாக்கிக்கொண்டது. வேறு நிறுவனங்களும் வெவ்வேறு பெயர்களில் இதே பாதையில் சென்றன.

இந்த வழியில் ஒரு தெளிவான நன்மை இருக்கிறது. போனின் பேட்டரி நிறையும்போது அதன் அழுத்தம் சுமார் 4.4 வோல்ட், காலியாக இருக்கும்போது அதைவிடக் குறைவு. வெளியிலிருந்து வரும் அழுத்தம் இதற்கு மிக அருகில் இருந்தால், போனுக்குள் அதை இறக்குவதற்கென ஒரு மாற்றிச் சுற்று தேவையில்லை. இறக்கும் வேலையும் அதில் பிறக்கும் சூடும் சுவரில் இருக்கும் சார்ஜருக்குள்ளேயே முடிந்துவிடும், போன் குளிர்ந்திருக்கும். பின்னால் வந்த 65, 80 வாட் முறைகள் பலவற்றில் பேட்டரியை இரண்டு கலங்களாகப் பிரித்துத் தொடராக இணைக்கிறார்கள். அதனால் மொத்த அழுத்தம் இரட்டிப்பாகி 9 வோல்ட்டை நெருங்குகிறது. கேபிளில் ஏற்படும் இழப்பையும் சேர்த்துச் சார்ஜர் 10 அல்லது 11 வோல்ட் வரை தருகிறது. 11 வோல்ட் என்ற விசித்திரமான எண் இப்படித்தான் வந்தது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பேட்டரியின் அழுத்தம் நிறைய நிறைய உயர்ந்துகொண்டே போகும். சார்ஜர் தரும் அழுத்தமும் அதன் பின்னாலேயே உயர வேண்டும். 7 ஆம்பியர் பாயும் வழியில் அழுத்தம் சிறிது கூடினாலும் மின்னோட்டம் எக்கச்சக்கமாக உயர்ந்துவிடும். எனவே போன் தன் பேட்டரியின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் இடைவிடாமல் அளந்து, இன்னும் கொஞ்சம் கூட்டு, இப்போது குறை, நிறுத்து என்று சார்ஜரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சார்ஜருக்குள் அதைக் கேட்டு நடப்பதற்கென ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. இந்தப் பேச்சு ஒருமுறை நடந்து முடிவதன்று; சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் தொடர்வது.

இப்படிப்பட்ட மின்னோட்டத்தை அறிமுகமில்லாத சார்ஜரிடமிருந்து வாங்குவதைப் போன் மறுப்பது இயல்பே. அதனால் பல நிறுவனங்கள் பேச்சின் தொடக்கத்திலேயே ஒரு சரிபார்ப்பை வைத்திருக்கின்றன. போன் ஒரு கேள்வி அனுப்பும். தங்கள் சார்ஜரிலுள்ள சில்லு மட்டுமே அதற்குச் சரியான விடையைத் தரும். சிலர் இந்தச் சரிபார்ப்பைப் பவர் டெலிவரி மொழிக்குள்ளேயே, நிறுவனங்களின் சொந்தப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட செய்திவகையில் நடத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது பொது மொழி போலவே தோன்றும். ஆனால் அந்த ஒரு செய்திக்கு விடை தெரியாத சார்ஜர் கதவுக்கு வெளியேயே நின்றுவிடும். இதில் பாதுகாப்பு எவ்வளவு, தன் சார்ஜரையே வாங்க வைக்கும் வியாபாரம் எவ்வளவு என்று கேட்டால், இரண்டும் கலந்திருக்கின்றன என்பதே என் கருத்து. 7 ஆம்பியருக்குத் தேவையான எச்சரிக்கை உண்மையானது. ஆனால் அந்த மொழியைப் பூட்டிவைத்திருப்பது அந்த எச்சரிக்கைக்கு மட்டும் தேவைப்பட்டதன்று.

65 வாட் சார்ஜரில் செருகிய அந்தக் கணம்

இப்போது தொடக்கத்தில் சொன்ன நிகழ்வைப் படிப்படியாகப் பார்க்கலாம். போனை டைப்-சி முதல் டைப்-சி வரையிலான கேபிளால் 65 வாட் சார்ஜரில் இணைக்கிறோம். சார்ஜர் 5 வோல்ட்டைத் தருகிறது. போன் தன் நிறுவன மொழியில் அழைத்துப் பார்க்கிறது. சார்ஜரிலிருந்து மறுமொழி இல்லை, ஏனென்றால் அதற்கு அந்த மொழி தெரியாது. 80 வாட் என்ற வழி அங்கேயே மூடிவிடுகிறது. இதற்கிடையில் சார்ஜர் CC முனை வழியாகத் தன் பட்டியலை அனுப்பியிருக்கிறது. போன் அதைப் படிக்கிறது. 15 வோல்ட்டும் 20 வோல்ட்டும் அதன் உள்சுற்றின் தாங்கும் அளவுக்கு மேலே இருக்கின்றன. மீதியிருப்பவை 5 வோல்ட், 9 வோல்ட் ஆகிய இரண்டு. இதில் 9 வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கிறது. சார்ஜர் 3 ஆம்பியர் தரத் தயாராக இருந்தாலும், பொது மொழிக்கென இந்தப் போனில் வைத்திருக்கும் துணைச் சுற்று 2 ஆம்பியருக்கு மேல் கையாளாது. ஆகவே 9 வோல்ட், 2 ஆம்பியர். அதாவது 18 வாட்.

நேரமாக இதை மாற்றிப் பார்க்கலாம். 5000 மில்லியாம்பியர்-மணி கொண்ட பேட்டரியின் ஆற்றல் ஏறத்தாழ 19 வாட்-மணி. 18 வாட்டில் வழியில் வீணாவது போகச் சுமார் 15 அல்லது 16 வாட் பேட்டரிக்குள் சேரும். கடைசிப் பகுதியில் போன் தானாகவே வேகத்தைக் குறைப்பதையும் கணக்கில் கொண்டால் முழுதாக நிறைய ஒன்றரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். பவர் டெலிவரியில் 9 வோல்ட்டையே ஏற்காத, 5 வோல்ட்டில் 2 ஆம்பியரோடு நின்றுவிடும் போனாக இருந்தால் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

இங்கே ஒரு ஐயம் எழலாம். 65 வாட்டுக்குப் பதிலாக 100 வாட் பவர் டெலிவரி சார்ஜரை வாங்கினால் தீர்ந்துவிடாதா? தீராது. அந்த 100 வாட் என்பது 20 வோல்ட், 5 ஆம்பியர். பவர் டெலிவரி விதிகள் எந்த நிலையிலும் 5 ஆம்பியருக்கு மேல் அனுமதிப்பதில்லை. அழுத்தத்தைத்தான் உயர்த்திக்கொண்டு போகின்றன. நமது போனுக்கு வேண்டியதோ 7.3 ஆம்பியர். ஆகவே சரிபார்ப்பு எதுவும் இல்லாமல் நிறுவனம் தன் மொழியை நாளையே எல்லோருக்கும் திறந்துவிட்டாலும், இன்று வீட்டில் இருக்கும் பவர் டெலிவரி சார்ஜரின் மின்சுற்றால் அந்த 80 வாட்டை அந்தச் சேர்க்கையில் தர முடியாது. 100 வாட் சார்ஜரிலும் போன் அதே 18 வாட்டையே கேட்கும்.

போன் ஏன் 20 வோல்ட்டை வாங்கி இறக்கிக்கொள்வதில்லை?

கேட்க வேண்டிய கேள்விதான். மடிக்கணினி அதைத்தானே செய்கிறது? செய்ய முடியும், ஆனால் இறக்கும்போது சூடு பிறக்கும். மடிக்கணினியில் அதற்கு இடமும் பல நேரங்களில் விசிறியும் இருக்கின்றன, போனில் இல்லை. அழுத்தத்தை இறக்கும் வழக்கமான மாற்றிச் சுற்று, உள்ளே வருவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை வெப்பமாக்கிவிடும். 15 வாட்டில் அது ஒன்றரை வாட். கை அதை வெதுவெதுப்பாக உணரும், அவ்வளவுதான். 45 வாட்டில் அது நாலரை வாட் ஆகும். பேட்டரிக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே, அந்தச் சூட்டை எந்தப் போன் பொறியாளரும் விரும்ப மாட்டார். அழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாடு அதிகமானால் இழப்பும் கூடும்.

இதற்குப் போன்களில் கண்டுபிடித்திருக்கும் மாற்று, சார்ஜ் பம்ப் என்ற சுற்று. வரும் அழுத்தத்தைச் சரிபாதியாக்கி, மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கித் தருவது இதன் வேலை. இதில் இழப்பு மிகக் குறைவு. நூற்றுக்கு மூன்று பங்கோ அதற்கும் குறைவோதான். ஆனால் இந்தச் சுற்றுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது பாதியாக்க மட்டுமே செய்யும். தேவைக்கேற்ப ஏற்றவோ இறக்கவோ அதற்குத் தெரியாது. பேட்டரி இப்போது 4.0 வோல்ட்டில் இருந்தால், உள்ளே வரும் அழுத்தம் 8 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். பேட்டரி 4.2 வோல்ட்டுக்கு உயர்ந்தால், வருவது 8.4 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். சார்ஜர் எப்போதும் 9 வோல்ட்டையே தந்துகொண்டிருந்தால் சார்ஜ் பம்பை இயக்க முடியாது. போன் பழைய மாற்றிச் சுற்றுக்கே திரும்பி, சூட்டுக்குப் பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அழுத்தத்தைச் சிறு சிறு படிகளாக நகர்த்தித் தரும் வசதி பவர் டெலிவரியின் மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதன் பெயர் பிபிஎஸ். இதில் போன் 20 மில்லிவோல்ட் படிகளில் அழுத்தத்தைக் கேட்டுப் பெறலாம். 10 வினாடிக்கு ஒரு முறையேனும் தன் கோரிக்கையைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜர் தன்னை மீட்டமைத்துக்கொண்டு 5 வோல்ட்டுக்குத் திரும்பிவிடும். வூக் போன்ற தனிமொழிகள் தங்களுக்குள் செய்துகொண்டிருந்த அதே வேலையை, பொது விதிக்குள் கொண்டுவந்த ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்.

இதனால்தான் நிறுவனம் சூட்டியிருக்கும் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடிவதில்லை. சாம்சங்கின் 25 வாட் சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங் என்ற பெயரைக் கேட்டால் தனிமொழி போலத் தோன்றும். உள்ளே இருப்பதோ பிபிஎஸ். ஆகவே பிபிஎஸ் உள்ள எந்த நிறுவனத்தின் சார்ஜரிலும் அந்த 25 வாட் கிடைக்கும். அதே போனைப் பிபிஎஸ் இல்லாத, 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் 65 வாட் சார்ஜரில் போட்டால் 15 வாட் அளவுக்கு இறங்கிவிடும். 27 வாட் தரக்கூடிய சார்ஜர் 25 வாட் போனுக்குப் போதாமல் போவது முதலில் புதிராக இருக்கும். 9 வோல்ட் என்பது அசையாத எண், போனுக்கு வேண்டியது அசையும் எண் என்று தெரிந்தால் அந்தப் புதிர் விலகிவிடும்.

கேபிளின் பங்கு

சார்ஜர் சரியாக இருந்தும் வேகம் வராத இடங்களில் பெரும்பாலும் கேபிளே காரணம். ஒரு முனையில் பழைய அகலமான டைப்-ஏ, மறுமுனையில் டைப்-சி உள்ள கேபிளை எடுத்துக்கொண்டால், டைப்-ஏ முனையில் CC என்ற தொடர்பே கிடையாது. ஆகவே அந்தக் கேபிளில் பவர் டெலிவரி பேச்சு நடக்கவே வழியில்லை. D+, D- கம்பிகள் வழியே பேசும் மொழிகள் மட்டுமே அதில் வேலை செய்யும். நிறுவனங்களின் தனிமொழிகளில் பல அந்த வழியையே பயன்படுத்துவதால், வேகச் சார்ஜர் ஒன்றில் இன்னும் டைப்-ஏ துளையைப் பார்க்க முடிகிறது. மிக மலிவான கேபிள்களில் அந்த D+, D- கம்பிகளே இருக்காது. அப்போது அடையாளம்கூடத் தெரியாமல் போன் 0.5 ஆம்பியரோடு நின்றுவிடும். இரவு முழுவதும் போட்டும் நிறையவில்லை என்று சொல்லும் பலரின் கையில் இருப்பது இத்தகைய கேபிள்தான்.

இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. சாதாரணக் கேபிளில் 3 ஆம்பியர் வரை மட்டுமே அனுமதி. அதற்கு மேல் 5 ஆம்பியர் வரை போக வேண்டுமானால், கேபிளின் முனைக்குள் தன் தகுதியைச் சொல்லும் ஒரு சிறு சில்லு இருக்க வேண்டும். சார்ஜர் அதை விசாரித்து, விடை வந்தால்தான் 5 ஆம்பியரைத் தன் பட்டியலில் காட்டும். 25 வாட் பிபிஎஸ்ஸுக்கு 3 ஆம்பியர் கேபிள் போதும். 45 வாட்டுக்குப் போதாது. தனிமொழிகளில் 6, 7 ஆம்பியர் பாயும் இடங்களில், கேபிளும் அந்த நிறுவனத்துடையதாகவே இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். நிறுவனத்தின் சார்ஜரை வைத்துக்கொண்டு கேபிளை மட்டும் மாற்றியவர்களுக்கும் இதனால்தான் வேகம் இறங்கிவிடுகிறது.

எந்த மொழியில் பேச்சு நடந்தது என்று அறிவது

திரையில் தோன்றும் சொற்கள் முதல் துப்பு. நிறுவனத்தின் சொந்தப் பெயர் தோன்றினால் தனிமொழி வேலை செய்கிறது. வெறுமனே வேகமாகச் சார்ஜ் ஆகிறது என்று மட்டும் வந்தால், பொது மொழியில் 9 வோல்ட் அளவுக்கு உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சார்ஜ் ஆகிறது என்பதோடு நின்றுவிட்டால் 5 வோல்ட்.

இதைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், கேபிளுக்கும் சார்ஜருக்கும் நடுவில் செருகும் சிறு யூஎஸ்பி மீட்டர் உதவும். அதில் 5 வோல்ட் அருகே எண் நின்றால் பேச்சு நடக்கவில்லை. 9 வோல்ட் அருகே அசையாமல் நின்றால் நிலையான பவர் டெலிவரி அல்லது குயிக் சார்ஜ். 8.1, 8.2, 8.3 என்று மெதுவாக நகர்ந்துகொண்டே போனால் பிபிஎஸ் வேலை செய்கிறது. பேட்டரி நிறைவதைப் பின்தொடர்ந்து அழுத்தம் உயர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் தனிமொழியைச் சோதிக்க மீட்டரை நம்ப முடியாது. நடுவில் மீட்டர் வந்ததாலேயே கேபிளின் அடையாளம் மறைந்து வேகம் இறங்கிவிடக்கூடும்.

மீட்டர் இல்லாதவர்கள், ஆண்ட்ராய்டு போனைக் கணினியிலிருந்து adb என்ற மென்பொருள் கருவியால் வைஃபை வழியாக இணைக்கத் தெரிந்திருந்தால், சார்ஜரில் போட்டிருக்கும்போதே இந்த ஒரு கட்டளையை இட்டுப் பார்க்கலாம்:

```
adb shell dumpsys battery
```

வரும் விடையில் `Max charging voltage`, `Max charging current` என்ற இரண்டு வரிகள் இருக்கும். எண்கள் மைக்ரோவோல்ட்டிலும் மைக்ரோஆம்பியரிலும் இருப்பதால் பெரிதாகத் தெரியும். 9000000 என்றால் 9 வோல்ட், 2000000 என்றால் 2 ஆம்பியர். எல்லாப் போன்களும் இதைச் சரியாக நிரப்புவதில்லை. தனிமொழியில் ஏறும்போதும் சில போன்கள் பழைய 5 வோல்ட்டையே காட்டிக்கொண்டிருக்கும்.

சோதிக்கும்போது பேட்டரி 20 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும், திரை அணைந்திருக்கட்டும், போன் சூடாக இல்லாமல் இருக்கட்டும். 80 விழுக்காட்டைத் தாண்டிய பிறகு எந்தச் சார்ஜரிலும் போன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூடான போனும் அவ்வாறே. அந்த நேரத்தில் அளந்துவிட்டுச் சார்ஜரைக் குறை சொல்வதில் பயனில்லை. இரண்டு மூன்று துளைகள் உள்ள சார்ஜராக இருந்தால் மற்றத் துளைகளைக் காலியாக வைக்க வேண்டும். இரண்டாவது கருவியைச் செருகியதும் சார்ஜர் தன் மொத்த ஆற்றலைப் பங்கிட்டு, முதல் கருவிக்குப் புதிய, சிறிய பட்டியலை அனுப்பும். அப்போது ஒரு கணம் சார்ஜ் நின்று மீண்டும் தொடங்குவதைத் திரையில் காணலாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய வரி

வேறு சார்ஜர் வாங்க நினைப்பவர் பெரிய வாட் எண்ணை விட்டுவிட்டு, போனின் விவரக்குறிப்பில் பவர் டெலிவரி அல்லது பிபிஎஸ் வழியாக எத்தனை வாட் ஏற்கும் என்ற வரியைத் தேட வேண்டும். 80 வாட் என்று விளம்பரப்படுத்தப்பட்ட போன் அந்த வரியில் 18 என்று சொன்னால், வெளிச் சார்ஜருக்கு 20 வாட்டுக்கு மேல் செலவிடுவது போனுக்குப் பயன்படாது. பிபிஎஸ் ஏற்கும் போனானால், சார்ஜரின் அடியில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்:

```
PPS: 3.3-11V⎓5A
```

இதில் கடைசி எண்ணே முக்கியம். அது 3 ஆம்பியர் என்றிருந்தால் 25 வாட் போனுக்குப் போதும், 45 வாட் போனுக்குப் போதாது. 5 ஆம்பியர் என்றிருந்து கேபிளும் அதற்குத் தகுந்ததானால் இரண்டுக்கும் போதும்.

தனிமொழிகளின் பிடி சற்றுத் தளர்ந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்கள் 15 வாட்டுக்கு மேல் ஏற்பவையானால் பவர் டெலிவரியையும் ஏற்றாக வேண்டும்; நிறுவனங்கள் தங்கள் தனிமொழியையும் கூடவே வைத்துக்கொள்ளலாம். சீனாவில் ஓப்போ, விவோ, ஷாவ்மி, ஹுவாவெய் ஆகியவை சேர்ந்த கூட்டு முயற்சியில் 2021ஆம் ஆண்டு யூஎஃப்சிஎஸ் என்ற பொது மொழி வெளியிடப்பட்டது. ஆனால் பொது மொழியில் ஏற்கும் வாட், தனிமொழியில் ஏற்கும் வாட்டுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இவற்றில் இல்லை. ஆகவே ஒரு போனின் விவரக்குறிப்பில் இன்னும் சில காலம் இரண்டு வாட் எண்கள் இருக்கும். வெளிச் சார்ஜருக்குப் பொருந்துவது அவற்றில் சிறியது.